பாட்டிலில் நான் பார்த்த 120

கேள்வி: "கிருஷ்ணகிரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பில்லிங் கவுண்டரில் இருக்கிறேன். புது சாஃப்ட்வேர் வந்ததிலிருந்து மருந்து, அளவு எல்லாம் அதுவே காட்டுகிறது. நாங்களும் OK அழுத்துகிறோம், டாக்டரும் OK அழுத்துகிறார். விமானிகள்கூட இப்படித்தான் என்று எங்கோ படித்தேன். இவ்வளவு படித்தவர்கள் மெஷின் சொன்னதை ஏன் அப்படியே நம்புகிறார்கள்? சோம்பேறித்தனமா? திரையை வேறு மாதிரி அமைத்தால் இது குறையுமா?"

சோம்பேறித்தனம் இதில் கொஞ்சம்தான். திரையை மாற்றினால் குறையும், ஆனால் பலரும் முதலில் நினைக்கிற மாற்றங்களால் பெரிதாகக் குறையாது. நான் தருமபுரியில் இருபத்திரண்டு வருடம் மருத்துவமனை மருந்தகங்களில் பார்மசிஸ்டாக இருந்தவன். அதில் கடைசி ஆறு வருடம், மருந்தக சாஃப்ட்வேர் எழுதுகிறவர்களோடு உட்கார்ந்து திரைகளைச் சோதித்துக் கொடுக்கிற வேலையும் சேர்ந்துகொண்டது. மருந்து விஷயத்தில் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். விமானத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் விசாரணை அறிக்கையும் ஆய்வுக் கட்டுரையும் படித்த அளவுக்குத்தான்.

முதலில் என் தப்பு ஒன்று. 2016 ஐப்பசி, காய்ச்சல் சீசன். கவுண்டருக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கிறார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, இடுப்பில் எட்டுக் கிலோ குழந்தை. டாக்டர் எழுதியது பாராசிட்டமால் சிரப். கிலோவுக்கு 15 மி.கி. வீதம் எட்டுக் கிலோவுக்கு 120 மி.கி. எங்களிடம் வழக்கமாக இருப்பது 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப், ஆகவே ஒரு வேளைக்கு 5 மி.லி., அதாவது ஒரு மூடி. சாஃப்ட்வேர் காட்டியதும் அதுதான். அன்றைக்கு அந்த சிரப் தீர்ந்திருந்தது. ஸ்டாக் இல்லை என்றதும் திரை அதே மருந்தின் இன்னொரு பாட்டிலைக் காட்டியது, பில் போடுகிற பையன் அதை அழுத்தினான். இந்த இரண்டாவது பாட்டில் 5 மி.லி.க்கு 250 மி.கி. பாட்டில் மாறியது, ஆனால் "5 மி.லி., நாலு வேளை" என்ற வரி மாறவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. அந்த சாஃப்ட்வேர் அளவை மி.கி.யில் சேமிக்காமல் மி.லி.யில் சேமித்து வைத்திருந்தது. மருந்து மாறினாலும் மி.லி. அப்படியே தொடரும். ஸ்டிக்கர் அச்சாகி பாட்டிலில் ஒட்டப்பட்டு என் கைக்கு வந்தது. நான் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன், நீட்டினேன்.

அந்த அம்மா பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணா, போன தடவ எங்க ஊர்க் கடைல இதே மருந்துதான் குடுத்தாங்க. பாதி மூடி ஊத்தச் சொன்னாங்களே, இப்ப முழு மூடிங்கறீங்க?" என்றார். குழந்தை வளர்ந்திருக்கும்மா என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். அந்தப் "பாதி" என்ற சொல்தான் என்னைப் பிடித்து நிறுத்தியது. 250 பாட்டிலில் 120 மி.கி. வேண்டுமென்றால் 2.4 மி.லி., அதாவது பாதி மூடிக்குச் சற்றுக் குறைவு. நாங்கள் எழுதியபடி கொடுத்திருந்தால் ஒரு நாளைக்கு 1000 மி.கி., எட்டுக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 125 மி.கி. ஆகியிருக்கும். வழக்கமான உச்சவரம்பு ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 75 மி.கி. ஒரு வேளையோடு நின்றால் பெரிதாக ஒன்றும் ஆகாது. மூன்று நாலு நாள் காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் கிடக்கும் குழந்தைக்கு இது தொடர்ந்தால் கல்லீரலில் கை வைத்துவிடும்.

இதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதற்கப்புறம் நடந்தது. சாயங்காலம் பெரிய டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார். "பாட்டிலைப் படித்துப் பார்த்துத்தான் சார் கொடுத்தேன், 120 என்று இருந்தது" என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த 120 என் கண்ணில் இன்னும் நின்றது, லேபிளின் கீழ்ப்பக்கம், சிவப்பு எழுத்தில். டாக்டர் பாட்டிலை எடுத்து வரச் சொன்னார். எங்கள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது சரியாக அந்த இடத்தின் மேல்தான். உரித்துப் பார்த்தால் அடியில் 250. ஸ்டிக்கருக்கு அடியில் இருந்ததை நான் படித்திருக்கவே முடியாது. திரையில் இருந்த 120-ஐ என் மனசே பாட்டிலில் அச்சடித்துக்கொண்டது.

எனக்கு மட்டும் வந்த கோளாறு என்றுதான் பல நாள் நினைத்திருந்தேன். பிறகு 1998-இல் வெளிவந்த ஒரு ஆய்வைப் படித்தேன். கேத்லீன் மோசியரும் லிண்டா ஸ்கிட்காவும் சில கூட்டாளிகளும் செய்தது. மெஷின் சொன்னதைச் சரிபார்க்காமல் அப்படியே நம்பிவிடுவதற்கு ஆட்டோமேஷன் பயஸ் என்ற பெயரை இந்தத் துறையில் நிலைநிறுத்தியவர்கள் இவர்கள்தான். அனுபவப்பட்ட விமானிகளை சிமுலேட்டரில் உட்கார வைத்து, ஓட்டத்தின் நடுவில் எஞ்சினில் தீ என்று ஒரு பொய்ச் செய்தியைத் திரையில் காட்டினார்கள். எஞ்சின் அளவுமானிகள் எல்லாம் இயல்பாகவே இருந்தன. தீ உண்மையாக இருந்தால் தெரிய வேண்டிய வேறு அறிகுறி ஒன்றுகூட இல்லை. அந்தச் செய்தியைப் பெற்ற எல்லா விமானிகளும் எஞ்சினை அணைத்தார்கள். இத்தனைக்கும், திரைச் செய்தி மட்டும் இருந்தால் தீ என்று முடிவு கட்டக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரியும், தனியாகக் கேட்டபோது அப்படித்தான் சொன்னார்கள். வேலை முடிந்து பேசும்போது பலர், தீயை உறுதிப்படுத்திய இன்னொரு அறிகுறியையும் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படி ஒன்று காட்டப்படவே இல்லை. படித்தபோது, என் சிவப்பு 120-க்குக் கூட்டு கிடைத்துவிட்டது என்று இருந்தது.

அதே குழுவினர் 1999-இல் வெளியிட்ட இன்னொரு சோதனை உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான பதில். கல்லூரி மாணவர்களுக்கு விமானம் ஓட்டுவது போன்ற ஒரு கம்ப்யூட்டர் வேலை கொடுத்தார்கள். அளவுமானிகளைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏதாவது எல்லை தாண்டினால் உடனே பதில் செய்ய வேண்டும். ஒரு பாதிப் பேருக்கு உதவிக்கு ஒரு கம்ப்யூட்டர் துணை. பெரும்பாலும் சரியாகச் சொல்லும், எப்போதாவது தவறும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அளவுமானிகள் மட்டும் எப்போதும் சரி என்றும் சொல்லியிருந்தார்கள். துணை வாய்மூடி இருந்த சில கட்டங்களில், துணையே இல்லாதவர்கள் 97 சதவீதம் கண்டுபிடித்தார்கள். துணை உள்ளவர்கள் கண்டுபிடித்தது 59 சதவீதம். துணை தப்பாக ஒன்றைச் செய்யச் சொன்னபோது, எதிரிலேயே அளவுமானி மறுத்துக்கொண்டிருந்தும், 65 சதவீதம் தடவை அதைச் செய்தார்கள். இதில் இரண்டு தனித்தனித் தப்புகள் இருப்பதைக் கவனியுங்கள். மெஷின் சொல்லாததால் விட்டுவிடுவது ஒன்று, மெஷின் சொன்னதால் செய்துவிடுவது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து வேறு. சாஃப்ட்வேர்க்காரர்களிடம் பேசும்போது இந்தப் பிரிவைச் சொல்லாவிட்டால், முதலாவதற்கு ஒரு அலாரம் கூட்டுவார்கள், இரண்டாவது இன்னும் மோசமாகும்.

படித்தவர்கள் கதையும் இதேதான். 2023-இல் 27 கதிரியக்க மருத்துவர்களிடம் 50 மார்பக எக்ஸ்-ரே படங்களைக் கொடுத்துச் செய்த ஜெர்மன் ஆய்வு ஒன்று. ஒவ்வொரு படத்தோடும் கம்ப்யூட்டரின் கருத்து என்று ஒரு மதிப்பீடு வரும், அதில் சிலவற்றை வேண்டுமென்றே தப்பாக வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டர் சரியாகச் சொன்னபோது எல்லோருமே சுமார் 80 சதவீதம் சரி. தப்பாகச் சொன்னபோது அனுபவம் குறைந்தவர்கள் 20 சதவீதத்துக்கு விழுந்தார்கள், மிகுந்த அனுபவம் உள்ளவர்களே 45 சதவீதம்தான். அனுபவம் காப்பாற்றுகிறது, ஆனால் பாதிதான்.

ஏன் இப்படி? எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். பதில் முன்னாலேயே திரையில் உட்கார்ந்திருந்தால், மனசு கேட்கிற கேள்வியே மாறிவிடுகிறது. "எவ்வளவு?" என்று கேட்க வேண்டியது "இது சரியா?" என்று ஆகிறது, நாற்பது பேர் நிற்கும்போது அதுவும் "சரிதானே" என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு கண் தேடுவது ஒப்புதலைத்தான். இதில் நியாயமும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆயிரத்தில் ஒன்று தவறும் மெஷினை நம்புவது, கணக்குப் பார்த்தால், பெரும்பாலும் சரியான முடிவு. அது நன்றாக வேலை செய்யச் செய்ய, தவறுகிற அந்த ஒன்றைப் பார்க்கும் பழக்கம் நமக்கு விட்டுப்போகிறது. தூக்கம், அவசரம், மேலே இருப்பவர் பார்த்திருப்பார் என்ற நினைப்பு எல்லாம் இதோடு சேர்கின்றன. எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது.

இனி இந்தத் துறையில் நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் சம்பவம். 2013 ஜூலை, அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனை. அங்கேயே பேராசிரியராக இருக்கும் டாக்டர் ராபர்ட் வாக்டர், நிர்வாகத்தின் சம்மதத்தோடு, நடந்ததை ஒளிக்காமல் எழுதியதால் உலகத்துக்குத் தெரிந்தது. பதினாறு வயதுப் பையன், எடை 38.6 கிலோ. தொற்று வராமலிருக்க தினமும் வீட்டில் செப்ட்ரா மாத்திரை சாப்பிடுகிறவன், ஒரு வேளைக்கு ஒன்று. நம்மூரிலும் இந்த மருந்து உண்டு, கோட்ரிமாக்சசோல் என்போம். பெரிய மாத்திரை ஒன்றில் டிரைமெத்தோப்ரிம் 160 மி.கி. இருக்கும். அதை அவனுக்கு மருத்துவமனையிலும் தொடர வேண்டும், அவ்வளவுதான் வேலை.

40 கிலோவுக்குக் கீழே இருந்தால் கிலோ கணக்கில்தான் மருந்து எழுத வேண்டும் என்பது அங்கே விதி. பயிற்சி மருத்துவர் கிலோவுக்கு 5 மி.கி. என்று போட்டார், கம்ப்யூட்டர் 193 மி.கி. என்று கணக்கிட்டது. அப்படி ஒரு மாத்திரை கிடையாது, அருகில் இருப்பது 160. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 சதவீதத்துக்கு மேல், அப்படி இருந்தால் பார்மசிஸ்ட் தானாக மாற்றக் கூடாது, மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பது இன்னொரு விதி. பார்மசிஸ்ட் ஒழுங்காகச் செய்தி அனுப்பினார், 160 மி.கி. என்று திருத்தி எழுதுங்கள் என்று. மருத்துவர் அந்தப் பக்கத்தைத் திறந்து 160 என்று அடித்தார். பக்கத்துப் பெட்டியில் அலகு ஏற்கெனவே `mg/kg` என்று நின்றிருந்தது. அவர் மனசில் இருந்தது `mg`. ஆக, கிலோவுக்கு 160 மி.கி., அதை 38.6-ஆல் பெருக்கி மாத்திரைக் கணக்குக்குக் கொண்டுவந்தால் முப்பத்தெட்டரை மாத்திரை.

எச்சரிக்கை வந்ததா என்றால், வந்தது. மருத்துவருக்கு வந்தது, பார்மசிஸ்டுக்கும் வந்தது. இரண்டு பேரும் தள்ளிவிட்டார்கள். 39 மடங்கு கூடினாலும் சரி, துளியூண்டு கூடினாலும் சரி, அந்தச் சாஃப்ட்வேரில் எச்சரிக்கைப் பெட்டி ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே வாசகம். நாள் முழுக்க உப்புக்குப் பெறாத பெட்டிகளை மூடிமூடிப் பழகிய கை, இதையும் மூடியது. மருந்து எச்சரிக்கைகளை மருத்துவர்கள் எத்தனை தடவை தள்ளிவிடுகிறார்கள் என்று 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இடத்துக்கு இடம் 49-லிருந்து 96 சதவீதம் வரை இருந்தது. அங்கிருந்து ஆர்டர் மருந்தக ரோபோவுக்குப் போனது. மனிதக் கை செய்யும் பிழை வராமலிருக்க வாங்கிய ரோபோ அது. மனிதனாக இருந்தால் பத்தாவது மாத்திரையிலேயே கை நின்றிருக்கும். ரோபோ முப்பத்தெட்டரையையும் பிசகில்லாமல் எண்ணிக் கட்டி அனுப்பியது.

கடைசியில் நர்ஸ். அன்றைக்கு வேறு வார்டிலிருந்து மாற்றலாக வந்தவர். இத்தனை மாத்திரையா என்று அவருக்குச் சந்தேகம் வராமல் இல்லை. பார்கோடு ஸ்கேனரை வைத்துப் பார்த்தார், அது சரி என்றது. இந்த இடத்தை நான் நிறுத்திச் சொல்வேன். ஸ்கேனர் பதில் சொன்ன கேள்வி, "ஆர்டரில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றா?" என்பது. அதற்குச் சரி என்பது உண்மையான பதில்தான். நர்ஸ் மனசில் இருந்த கேள்வி, "இந்த ஆர்டர் சரியா?" என்பது. திரையில் வந்த பச்சை அந்த இரண்டாவது கேள்விக்கும் சேர்த்துப் பதிலாகிவிட்டது. பையன் எல்லா மாத்திரைகளையும் விழுங்கினான், சில மணி நேரத்தில் வலிப்பு வந்தது. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டான்.

இதில் யார் சோம்பேறி என்று சொல்லுங்கள். பார்மசிஸ்ட் விதிப்படி கேட்டார், மருத்துவர் கேட்டபடி திருத்தினார், நர்ஸ் சந்தேகப்பட்டு ஸ்கேன் செய்தார். மூன்று பேர் சரிபார்த்தார்கள் என்பது நம் கணக்கு. ஆனால் ஒவ்வொருவரும் முந்தியவர் சரிபார்த்தார் என்பதைத்தான் சரிபார்த்தார்கள். ஆள் கூட்டினால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு செய்தி: ஸ்கிட்கா குழுவே பிறகு ஒருவருக்குப் பதில் இருவரை உட்கார வைத்துப் பார்த்தது. தப்பு குறையவில்லை.

ஒரே எண், இரண்டு அலகு என்ற இந்தக் கண்ணி மருந்தோடு நிற்பதில்லை. 1992 ஜனவரி 20 அன்று பிரான்ஸில் ஸ்ட்ராஸ்பர்க் விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்த ஏர் இன்டர் 148, ஏர்பஸ் ஏ320, மலையில் மோதி 87 பேர் இறந்தார்கள். அந்த விமானத்தில் இறங்குவதை இரண்டு விதமாகக் கட்டளையிடலாம். கோணமாகச் சொன்னால் 3.3 டிகிரி, திரையில் `-3.3`. வேகமாகச் சொன்னால் நிமிடத்துக்கு 3,300 அடி, திரையில் `-33`. அதே சின்ன ஜன்னல்தான் இரண்டையும் காட்டும். விமானிகள் கோணம் என்று நினைத்து வேகத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்பது விசாரணையில் மிகவும் வாய்ப்புள்ளதாகக் கருதப்பட்ட காரணம், முடிந்த முடிவாக நிரூபிக்கப்பட்டது என்று சொல்ல முடியாது. அதற்கப்புறம் செய்த மாற்றம்தான் நமக்குப் பாடம். வேகத்தை `-3300` என்று நாலு இலக்கத்தில் காட்டத் தொடங்கினார்கள். இன்னொரு அலாரம் வைக்கவில்லை, தவறான கட்டளை தன் உருவத்திலேயே வேறாகத் தெரியும்படி செய்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் இது ஆட்டோமேஷன் பயஸ் இல்லை, எந்த நிலையில் மெஷின் இருக்கிறது என்று குழம்புவது. ஆனால் ஏன் தாமதமாகக்கூட யாரும் பிடிக்கவில்லை என்று கேட்டால் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

இப்போது திரைக்கு வருவோம். எங்கள் மருத்துவமனையில் அந்தச் சிரப் சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் முதலில் கேட்டது சின்ன வேலை. அளவை மி.கி.யில் சேமி, பாட்டில் மாறினால் மி.லி. பெட்டி காலியாகட்டும், புதிதாகக் கணக்கிட்ட பிறகுதான் ஸ்டிக்கர் அச்சாகட்டும். ஸ்டிக்கரில் "2.4 மி.லி." என்று மட்டும் போடாமல், "எடை 8 கிலோ, 120 மி.கி., இந்தப் பாட்டிலில் 2.4 மி.லி." என்று ஒரே வரியில் வர வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டும் இடம் பாட்டிலின் பின்பக்கம். இது போதுமா என்று கேட்டால், எங்கள் அனுபவத்தில் பாதிப் பலன் இதிலேயே வந்தது. விடையை மட்டும் பார்க்கும்போது யோசிக்க ஒன்றும் இல்லை. எடை 18 என்று அச்சாகி, எதிரில் இடுப்பில் உட்கார்ந்திருக்கும் குழந்தையைப் பார்த்தால், கணக்கே தெரியாதவருக்கும் இடிக்கும். போன தடவை வந்தபோது போட்ட எடையைத் தானாகக் கொண்டுவந்து நிரப்பும் வசதியையும் எடுத்துவிட்டோம். குழந்தை வளரும், மெஷினுக்கு அது தெரியாது.

எச்சரிக்கைகளை வெட்டுவதற்குத்தான் சண்டை போட வேண்டியிருந்தது. குறைத்தால் பொறுப்பு எங்கள் தலையில் விழும் என்று சாஃப்ட்வேர்க்காரர்கள் பயந்தார்கள். கடைசியில் மூன்று தட்டாகப் பிரித்தோம். சாதாரணக் கூடுதல் குறைவுக்குப் பெட்டி வராது, வரியின் ஓரத்தில் ஒரு மஞ்சள் குறி மட்டும். வழக்கமான உச்சவரம்பைத் தாண்டினால் பெட்டி, காரணம் எழுதினால்தான் மூடும். அதைப் போல மூன்று மடங்கு தாண்டினால் மூட பட்டனே கிடையாது, எழுதிய மருத்துவரே வந்து ஆர்டரை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். மூன்று மடங்கு என்பது ஆய்வில் வந்த எண் இல்லை, நாங்கள் மேசையில் உட்கார்ந்து பேசி வைத்தது. புற்றுநோய் மருந்து, விஷமுறிவு மருந்து போன்ற இடங்களில் அந்த எல்லை பொருந்தாது என்பதால் அவற்றைத் தனியாக விட்டோம்.

அடுத்தது, பதிலை மறைத்து வைப்பது. பன்னிரண்டு வயதுக்குக் கீழ், அதிலும் ஒரு பத்துப் பன்னிரண்டு மருந்துகளுக்கு மட்டும், பார்மசிஸ்ட் தன் கணக்கை முதலில் அடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் சாஃப்ட்வேர் தன் கணக்கைக் காட்டும். ஒத்துப்போனால் பேசாமல் நகரும், ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி நிற்கும். இதற்கு ஆய்வு ஆதரவும் உண்டு. 2021-இல் ஹார்வர்டைச் சேர்ந்த புசின்கா, மலாயா, கஜோஸ் மூவரும் வெளியிட்டதில், மெஷின் தன் யோசனையோடு விளக்கத்தையும் காட்டுவதைவிட, ஆளை முதலில் யோசிக்க வைத்த திரைகளில் கண்மூடித்தனமான நம்பிக்கை குறைந்தது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: அப்படிப்பட்ட திரைகளை மக்களுக்குப் பிடிக்கவில்லை. எங்கள் கவுண்டரிலும் அப்படியே. முதல் மாதம் நின்ற இடங்களில் பெரும்பாலும் தப்பு என் கணக்கில்தான், இதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். சாஃப்ட்வேரிடம் இருந்த எடை தப்பாக இருந்தது சில தடவைதான். இரண்டாவது மாதம் பையன்கள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். பெட்டியில் 1 என்று அடித்தால் மெஷின் தன் எண்ணைக் காட்டும், அதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். அப்புறம், ஆள் அடித்த எண் ரொம்பத் தள்ளி இருந்தால் மெஷின் தன் எண்ணைக் காட்டாமல் "மீண்டும் கணக்கிடவும்" என்று மட்டும் சொல்லும்படி மாற்றினோம். காய்ச்சல் சீசனில் இது ஒரு சீட்டுக்கு இருபது முப்பது விநாடி தின்னும். ஆகவேதான் எல்லா மருந்துக்கும் வேண்டாம் என்கிறேன். எல்லாவற்றுக்கும் வைத்தால் அதுவும் கை தானாகத் தாண்டுகிற இன்னொரு பெட்டியாகிவிடும்.

பலரும் கேட்கிற மாற்றங்களில் இரண்டைப் பற்றி எனக்கு நம்பிக்கை குறைவு. ஒன்று, மெஷின் ஏன் இப்படிச் சொல்கிறது என்ற விளக்கத்தைச் சேர்ப்பது. விளக்கம் இருந்தால் மனிதர்கள் சரியான யோசனையை மட்டுமல்ல, தப்பான யோசனையையும் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள் என்று 2021-இல் இன்னொரு ஆய்வு காட்டியது. எடை, அலகு, வீரியம் போன்ற உள்ளே போன எண்களைக் காட்டுவதையும், வாக்கியமாக நியாயம் சொல்வதையும் நான் ஒன்றாகப் பார்க்கவில்லை. முன்னதை எதிரே இருக்கும் ஆளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், பின்னதைப் படித்துத் தலையாட்டத்தான் முடியும். இன்னொன்று, கவனமாக இருங்கள் என்று கூட்டம் போட்டுச் சொல்வது. பரசுராமன், மான்ஸே என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2010-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து, பயிற்சியோ அறிவுரையோ மட்டும் இதைப் போக்காது, புதியவர் அனுபவசாலி இருவருக்கும் இது வரும் என்றுதான் எழுதினார்கள். பொறுப்பேற்க வைத்தால் குறையுமா என்பதில் முடிவுகள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. மாணவர்களிடம் குறைந்தது. விமானிகளிடம் வெளியிலிருந்து சுமத்திய பொறுப்பு வேலை செய்யவில்லை, தாங்களாகவே பொறுப்பாக உணர்ந்தவர்களிடம்தான் வித்தியாசம் தெரிந்தது. கையெழுத்து வாங்கி ஃபைலில் வைப்பதால் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்து நீங்களே யூகித்துக்கொள்ளலாம். நானும் கையெழுத்துப் போட்டுத்தான் அந்தப் பாட்டிலைக் கொடுத்தேன்.

உங்கள் இடத்தில் நிலைமை எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. யார் எப்போது எதை அழுத்தினார்கள் என்று சாஃப்ட்வேர் தானாகப் பதிந்து வைக்கும் லாக், அதில் ஒரு மாதத்துக்கு உண்டானதை சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கேளுங்கள். டோஸ் பெட்டியில் மெஷின் காட்டியதை மனிதர் மாற்றிய சீட்டுகள் எத்தனை, எச்சரிக்கை வந்து மூடும் வரை எத்தனை விநாடி, எடை என்றைக்குப் போட்டது. குழந்தைகள் பிரிவில் ஒரு மாதம் முழுக்க யாருமே எதையும் மாற்றவில்லை என்றால் மெஷின் தப்பே செய்யவில்லை என்று அர்த்தம் ஆகாது, ஒரு விநாடியில் மூடிய பெட்டியை யாரும் படித்திருக்கவும் முடியாது. லாக் தர இழுத்தடித்தால், மாற்றுப் பாட்டில் எடுக்கும்போது அந்த மி.லி. என்ன ஆகிறது என்று நீங்களே டெமோ நோயாளி ஒருவரைப் போட்டுப் பாருங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. மாறாமல் அப்படியே நின்றால் அன்றைக்கே உங்கள் பார்மசிஸ்டிடம் சொல்லிவிடுங்கள். பில்லிங் கவுண்டரில் உட்கார்ந்தபடி நீங்களாகச் செய்ய முடிந்தது ஒன்று உண்டு: குழந்தையின் எடையை அன்றைக்கு எடுத்ததா என்று கேட்டு, ஓ.பி. சீட்டின் மேல் மூலையில் பேனாவால் எழுதிவிடுங்கள். எங்கள் ஸ்டிக்கரில் எடை அச்சாவதற்கு முன்னால் ஒரு வருடம் நாங்கள் அப்படித்தான் ஓட்டினோம்.